எந்த வாசகத்துக்கு வாக்களித்தார்கள்?



அழைப்பிதழில் என் உரையின் பொருளாக "அரசியல் அறிவியல் ஆய்வில் பன்னாட்டு ஆவணங்களைச் சான்று காட்டுதல்" என்று அச்சாகியிருக்கிறது. ஒரேயொரு அடிக்குறிப்பைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பீடு செய்தபோது அது என் கண்ணில் பட்டது. ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தது, எழுதியவர் யார் என்பது இங்கே தேவையில்லை. உழைத்து எழுதப்பட்ட நல்ல ஆய்வேடு அது. இலங்கைப் பிரச்சினையில் இந்தியாவின் ஐ.நா. வாக்குகள் எப்படி மாறின என்பதுதான் பொருள். அதன் மூன்றாம் இயலில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் தரும் ஆலோசனையையும் தொழில்நுட்ப உதவியையும் இலங்கை அரசு ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தை 2012 மார்ச்சில் இந்தியா ஆதரித்து வாக்களித்தது." அதற்கு அடிக்குறிப்பும் இருந்தது. அதில் A/HRC/19/L.2 என்ற ஆவண எண்ணும் 22 மார்ச் 2012 என்ற தேதியும் தரப்பட்டிருந்தன.

எண் உண்மையான எண். தேதியும் சரி. அந்த நாளில் இந்தியா ஆதரித்து வாக்களித்ததும் உண்மை. ஆனால் வாக்கியம் தவறு. அந்த ஆவணத்தைத் திறந்து பார்த்தால் ஆய்வாளர் எழுதியது அப்படியே இருக்கும். ஆனால் இந்தியா வாக்களித்தது அந்த ஆவணத்துக்கு அன்று.

நடந்தது இதுதான். மனித உரிமைகள் பேரவையின் 19ஆம் கூட்டத்தொடர் 2012 பிப்ரவரி கடைசியில் ஜெனீவாவில் தொடங்கியது. அமெரிக்கா ஒரு வரைவுத் தீர்மானத்தை முன்வைத்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட எண்தான் A/HRC/19/L.2. அதன் மூன்றாம் செயற்பத்தி, உயர் ஆணையர் அலுவலகம் ஆலோசனையும் தொழில்நுட்ப உதவியும் வழங்கவும், இலங்கை அரசு அவற்றை ஏற்கவும் ஊக்குவித்தது. வாக்கெடுப்புக்கு முன் அந்த இடத்தை மாற்ற இந்தியா முயன்றது. வரைவு வாய்மொழியாகத் திருத்தப்பட்டது. 'இலங்கை அரசு ஏற்கவும்' என்ற சொற்கள் போய், இலங்கை அரசைக் கலந்தாலோசித்தும் அதன் இசைவோடும் அந்த உதவி வழங்கப்பட வேண்டும் என்ற சொற்கள் வந்தன. திருத்தப்பட்ட உரைதான் வாக்குக்கு விடப்பட்டது. 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. நிறைவேறிய தீர்மானத்தின் எண் 19/2, ஆவணக் குறியீடு A/HRC/RES/19/2.

'ஏற்கவும்' என்பதற்கும் 'இசைவோடும்' என்பதற்கும் இடையிலுள்ள தூரம் சிறிதன்று. முதலாவது இலங்கை அரசுக்கு ஒரு கடமையைச் சொல்கிறது. இரண்டாவது அதே அரசின் கையில் ஒரு பூட்டைக் கொடுக்கிறது. அன்றைய இந்திய வெளியுறவுக் கொள்கையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பார்க்க வேண்டிய இடமே அந்த ஒற்றைச் சொல்மாற்றம்தான். தமிழ்நாட்டில் எழுந்த அழுத்தத்தால் ஆதரித்து வாக்களித்த தில்லி, எந்த அளவோடு ஆதரித்தது என்பது அங்கேதான் தெரியும். வரைவின் எண்ணைக் கொடுத்து வரைவின் வாசகத்தை எழுதிய ஆய்வாளர், தம் ஆய்வின் மையச் சான்றையே தவறவிட்டுவிட்டார். இதை அவரிடம் வாய்மொழித் தேர்வில் சொன்னபோது அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை. கையில் இருந்ததைத் தவறாமல் படித்தவர் அவர். கையில் இருந்தது எந்தத் தாள் என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் முறையியல் வகுப்புகளில் நேர்காணலுக்கும் வினாநிரலுக்கும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறோம். ஓர் ஐ.நா. ஆவணத்தின் தலைப்பகுதியைப் படிக்கச் சொல்லித்தர அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. அந்த அரைமணி நேரத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஐ.நா. ஆவணக் குறியீடு ஒரு தபால் முகவரி போன்றது. பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு இறங்கி வரும். A/HRC/RES/19/2 என்பதில் முதலில் நிற்கும் A பொதுச்சபையைக் குறிக்கும். மனித உரிமைகள் பேரவை பொதுச்சபையின் துணை உறுப்பு. பொதுச்சபை 2006 மார்ச் 15 அன்று 60/251 என்ற தீர்மானத்தால் அதை உருவாக்கியது. அதனால்தான் ஜெனீவாவில் பிறக்கும் ஆவணங்களும் நியூயார்க்கின் A எழுத்தைச் சுமந்து நிற்கின்றன. அடுத்து வரும் HRC பேரவை. RES என்றால் அது நிறைவேறிய தீர்மானம். 19 கூட்டத்தொடரின் எண். 2 அந்தத் தொடரில் அந்தத் தீர்மானத்தின் வரிசை எண்.

L என்ற எழுத்து வந்தால் அது வரையறுக்கப்பட்ட விநியோகத்துக்கு உரியது. பெரும்பாலும் வரைவு. அவையில் இருப்பவர்கள் விவாதிப்பதற்காக அச்சிடப்பட்டது. அதன் பின்னால் Rev.1 என்று இருந்தால், முந்திய வரைவை நீக்கிவிட்டு அதன் இடத்தில் வைக்கப்பட்ட திருத்திய வரைவு. 2014இன் இலங்கைத் தீர்மானம் A/HRC/25/L.1/Rev.1 என்ற வரைவிலிருந்து வந்தது. அங்கே Rev.1 இருப்பதால் வாசகம் மாறியிருக்கிறது என்று குறியீட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 2012இல் அந்த உதவியும் கிடையாது. திருத்தம் அவையில் வாய்மொழியாக நடந்தது. அதனால் வரைவின் எண் மாறவே இல்லை. A/HRC/19/L.2 என்ற தாளை இன்று திறந்தாலும் பழைய வாசகம்தான் இருக்கும். அது மாற்றப்பட்டதற்கான எந்த அடையாளமும் அந்தத் தாளில் தென்படாது. அந்த ஆய்வாளர் விழுந்த குழி இதுதான்.

குழி ஒன்றோடு முடியவில்லை. மூன்று குறியீடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுகிறேன்:

```
A/HRC/19/L.2
A/HRC/19/2
A/HRC/RES/19/2
```

மூன்றிலும் 19 இருக்கிறது, 2 இருக்கிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆவணங்கள். முதலாவது நாம் பார்த்த வரைவு. மூன்றாவது நிறைவேறிய தீர்மானம். நடுவில் இருப்பது, RES இல்லாத A/HRC/19/2, அந்த 19ஆம் கூட்டத்தொடர் முழுவதையும் பற்றிய பேரவையின் அறிக்கை. சிரியா, குழந்தை உரிமை, உணவுரிமை என அந்தத் தொடரில் பேசப்பட்ட எல்லாமே அதற்குள் இருக்கும். "தீர்மானம் A/HRC/19/2" என்று அடிக்குறிப்பு எழுதினால் ஒரு தெருவின் பெயரைச் சொல்லி வீட்டைத் தேடச் சொல்வதுபோல் ஆகிவிடும். ஆனால் அந்த அறிக்கையை ஒதுக்கிவிடவும் கூடாது. வரைவை யார் முன்வைத்தார்கள், அது வாய்மொழியாகத் திருத்தப்பட்டதா, வாக்குக்கு முன்னும் பின்னும் யார் விளக்கம் அளித்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகும். வரைவுக்கும் தீர்மானத்துக்கும் இடையில் நடந்ததை எழுதுவதற்குச் சான்று அந்த அறிக்கையின் பத்தி எண். தீர்மானம் என்ன சொல்கிறது என்பதற்குச் சான்று RES உள்ள ஆவணம். வரைவையும் சான்றாகக் காட்டலாம், ஆனால் 'வரைவில் இப்படி இருந்தது' என்று வெளிப்படையாகச் சொல்லும்போது மட்டும். சொல்மாற்றத்தை ஆராயும் கட்டுரையில் இந்த மூன்று ஆவணங்களும் தத்தம் வேலையைச் செய்துகொண்டு அருகருகே நிற்க வேண்டும்.

இவற்றை எடுத்துப் பார்ப்பது இன்று கடினமில்லை. உலாவியின் முகவரிப் பெட்டியில் `undocs.org/A/HRC/RES/19/2` என்று தட்டினால் ஆவணம் வந்துவிடும். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளிலும் அதே குறியீடுதான். தமிழ் அவற்றில் ஒன்றல்ல என்பதால், தமிழில் எழுதும் நாம் தீர்மானத்தின் தலைப்பையும் வாசகத்தையும் மொழிபெயர்த்துத் தருகிறோம். குறியீட்டை மட்டும் மொழிபெயர்க்கவோ தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்கவோ கூடாது. 'ஏ/எச்ஆர்சி' என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கலாம். ஆனால் வாசகர் அதை எங்கே தட்டினாலும் ஆவணம் வராது. தமிழ்க் கட்டுரைக்குள் ரோமன் எழுத்து வருவதை நானும் விரும்புவதில்லை. இந்த இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

இனி தேதிக்கு வருகிறேன். A/HRC/RES/19/2 ஆவணத்தைத் திறந்ததும் முதல் பக்கத்தின் மேல் வலப்பக்கத்தில் குறியீடு பெரிதாக இருக்கும். அதன் கீழே 'பொது விநியோகம்' என்ற குறிப்பு, அதற்கும் கீழே ஒரு தேதி: 3 ஏப்ரல் 2012. பல கட்டுரைகளில் தீர்மானத்தின் தேதியாக இதுதான் ஏறியிருக்கிறது. இது அந்தத் தாள் ஐ.நா. செயலகத்தில் வெளியிடப்பட்ட தேதி. தீர்மானம் நிறைவேறியது 12 நாள்களுக்கு முன், மார்ச் 22 அன்று. அந்தத் தேதியைப் பார்க்க ஆவணத்தின் கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். கடைசிப் பத்திக்குக் கீழே எத்தனையாவது அமர்வு, எந்தத் தேதி என்று இருக்கும். அதன் பின் சதுர அடைப்புக்குள் வாக்கு விவரம் நாடு நாடாக வரும். 2015இன் 30/1 தீர்மானத்திலும் இதே கதைதான். மேலே 14 அக்டோபர் 2015 என்றிருக்கும். பேரவை அதை நிறைவேற்றியது அக்டோபர் 1 அன்று.

இரண்டு வார வித்தியாசத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அரசியல் அறிவியலில் நாம் பெரும்பாலும் காரணத்தைத் தேடுகிறோம். ஓர் அரசின் அறிக்கை, ஒரு கட்சியின் வெளிநடப்பு, ஒரு சட்டமன்றத் தீர்மானம் ஆகியவை ஐ.நா. தீர்மானத்துக்கு முன் நடந்தனவா, பின் நடந்தனவா என்பதை வைத்தே வாதம் கட்டுகிறோம். மார்ச் 22க்கும் ஏப்ரல் 3க்கும் இடையில் நடந்த ஒன்றை, ஏப்ரல் 3 என்ற தேதியை நம்பி 'தீர்மானத்துக்கு முன்' என்று எழுதிவிட்டால், விளைவு காரணமாகிவிடும். அதனால்தான் நிறைவேறிய தேதியை எழுத வேண்டும் என்கிறேன். வெளியீட்டுத் தேதியைத் தர வேண்டியிருந்தால், அது வெளியீட்டுத் தேதி என்று பெயர் சொல்லித் தர வேண்டும்.

எண்ணும் தேதியும் கலந்துபோகும் இன்னோர் இடம் உண்டு. மாணவர்கள் எல்லாத் தீர்மானங்களையும் விரிதாளில் அட்டவணையாகப் போடுகிறார்கள். 19/2, 22/1, 25/1 என்று தட்டியவுடன் நம் ஊர்த் தேதி அமைப்பில் உள்ள கணினி அவற்றைப் பிப்ரவரி 19, ஜனவரி 22, ஜனவரி 25 என்று தானே மாற்றிக்கொள்ளும். 30/1ஐயும் ஜனவரி 30 ஆக்கிவிடும். 46/1 போன்றவை மட்டும் தப்பும், 46ஆம் தேதி கிடையாது என்பதால். பாதி எண்களும் பாதித் தேதிகளுமாக ஒரு நெடுவரிசை நிரம்பியிருக்கும். ஒருவர் இரவில் அந்த அட்டவணையை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிவிடுவார். தீர்வு எளிது. எண் இடும் நெடுவரிசையைத் தொடங்கும் முன்பே உரைவடிவமாக மாற்றிவிட வேண்டும், அல்லது A/HRC/RES/25/1 என்று முழுக் குறியீட்டையே இட வேண்டும். முழுக் குறியீட்டை எந்தக் கணினியும் தேதியாக எண்ணாது.

முழுக் குறியீட்டை வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. போர் முடிந்த மறுவாரமே, 2009 மே 27 அன்று, பேரவை ஒரு சிறப்புக் கூட்டத்தொடரில் இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதன் எண் S-11/1. அந்த S சிறப்புக் கூட்டத்தொடரைக் குறிக்கும். வழக்கமான கூட்டத்தொடர்களுக்கு ஒரு வரிசை, சிறப்புக் கூட்டத்தொடர்களுக்குத் தனி வரிசை. S எழுத்தை விட்டுவிட்டு '11/1' என்று எழுதினால், 2009 ஜூன் 17 அன்று நிறைவேறிய வேறொரு தீர்மானத்துக்குப் போய்விடுவோம். அது குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு முறையீட்டு நடைமுறை ஒன்றை உருவாக்குவது பற்றியது. இரண்டுக்கும் இடைவெளி மூன்று வாரம்தான். ஆண்டும் ஒன்றே. ஆகவே சரிபார்ப்பவர் ஆண்டை மட்டும் பார்த்தால் தவறு பிடிபடாது.

எண்ணும் தேதியும் சரியாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். தீர்மானத்துக்குள் எந்தப் பத்தி என்பது அடுத்த கேள்வி. இங்கே நம் இலக்கணம் கைகொடுக்கிறது. ஓர் ஐ.நா. தீர்மானம் எத்தனை பக்கம் இருந்தாலும் இலக்கணப்படி அது ஒரே வாக்கியம். 'மனித உரிமைகள் பேரவை' என்பது எழுவாய். அதன் பின் வரும் முகவுரைப் பத்திகள் எல்லாம் 'நினைவுகூர்ந்து', 'வரவேற்று', 'கவலையுடன் கவனித்து' என்று வினையெச்சங்களாக நிற்கும். அவற்றுக்கு எண் கிடையாது. பிறகு எண்ணிட்ட செயற்பத்திகள் வரும். அவை 'கோருகிறது', 'வேண்டுகிறது', 'ஊக்குவிக்கிறது' என்று வினைமுற்றில் நிற்கும். பேரவை செய்வது வினைமுற்றில்தான் இருக்கிறது. எச்சத்தில் இருப்பது அதற்கான பின்னணி. தமிழ் மாணவருக்கு இதை விளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இதை விதியாக மனப்பாடம் செய்கிறார்கள், நமக்கோ இது பள்ளியிலேயே படித்த பாடம்.

19/2 தீர்மானத்தில் இதைப் பொருத்திப் பார்ப்போம். அது சிறிய தீர்மானம். செயற்பத்திகள் மூன்றுதான். முதற்பத்தி, இலங்கையின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் ஆக்கபூர்வமான பரிந்துரைகளை நிறைவேற்றவும், நீதி, பொறுப்புக்கூறல் ஆகியவற்றுக்கான தன் கடமைகளைச் செய்யத் தேவையான கூடுதல் நடவடிக்கைகளை எடுக்கவும் இலங்கை அரசைக் கோருகிறது. இரண்டாவது, அதற்கான செயல்திட்டத்தை விரைவில் தரும்படி வேண்டுகிறது. மூன்றாவது, நாம் பார்த்த 'இசைவோடும்' பத்தி. சர்வதேசச் சட்ட மீறல்கள் பற்றிய கடுமையான குற்றச்சாட்டுகளுக்கு ஆணைக்குழுவின் அறிக்கை போதுமான அளவில் முகம்கொடுக்கவில்லை என்ற வரியும் தீர்மானத்தில் உண்டு. ஆனால் அது முகவுரையில் இருக்கிறது, கவலையோடு கவனிக்கும் எச்சமாக.

"2012 தீர்மானம் போர்க்குற்ற விசாரணைக்கு உத்தரவிட்டது" என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த முகவுரை வரியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். மூன்று செயற்பத்திகளிலும் அப்படியொரு வினைமுற்று கிடையாது. உயர் ஆணையர் அலுவலகம் விரிவான புலனாய்வை நடத்த வேண்டும் என்று பேரவை கேட்டது இரண்டு ஆண்டுகள் கழித்து, 2014 மார்ச் 27 அன்று, 25/1 தீர்மானத்தின் 10ஆம் செயற்பத்தியில். அந்தத் தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 2012இல் ஆதரித்த இந்தியா 2014இல் பின்வாங்கியது என்று இதைச் சுருக்குவது வழக்கம். பத்தி எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும்போது வேறு படம் கிடைக்கிறது. இந்தியா 2012இல் ஆதரித்தது அரசின் இசைவோடு நடக்கும் உதவியை. 2014இல் ஒதுங்கியது அந்த இசைவு தேவைப்படாத புலனாய்வு வந்தபோது. இந்தியா நகர்ந்ததா, தீர்மானம் நகர்ந்ததா என்று வாதாடலாம். ஆனால் எந்தப் பத்தி என்று எழுதாதவர் அந்த வாதத்துக்குள் நுழையவே முடியாது.

முகவுரைப் பத்திகளுக்கு எண் இல்லாததால் அவற்றை நாமே எண்ணி 'முகவுரை, 5ஆம் பத்தி' என்பதுபோல் குறிக்க வேண்டும். எண்ணும்போது 'மனித உரிமைகள் பேரவை' என்ற எழுவாய் வரியைப் பத்தியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதில் தவறினால் ஒன்று கூடிவிடும்.

ஒப்பந்தங்களுக்கு வருகிறேன். தீர்மானத்துக்கு ஒரு தேதி போதும். ஒப்பந்தத்துக்கு ஒரு தேதி போதாது. உரை ஏற்கப்பட்ட தேதி, கையெழுத்தான தேதி, நடைமுறைக்கு வந்த தேதி, குறிப்பிட்ட ஒரு நாடு அதில் சேர்ந்த தேதி என்று நான்கு இருக்கலாம். குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச்சபை அதை ஏற்றது 1966 டிசம்பர் 16 அன்று. நடைமுறைக்கு வந்தது 1976 மார்ச் 23 அன்று. இந்தியா சேர்ந்தது 1979 ஏப்ரல் 10 அன்று. இலங்கை சேர்ந்தது 1980 ஜூன் 11 அன்று. இந்திய நெருக்கடிநிலைக் காலத்தைப் பற்றி எழுதும் ஒருவர் 'இந்தியா 1966 உடன்படிக்கையை மீறியது' என்று எழுதினால், 1975இலும் 1976இலும் இந்தியா அதில் ஒரு தரப்பாகவே இல்லை என்பதை மறந்திருக்கிறார். 'தீர்மானம் 2200 ஏ, 21ஆம் கூட்டத்தொடர்' என்பதை மட்டும் அடிக்குறிப்பில் தருபவருக்கு இந்த மறதி எளிதில் வரும். அது உரையை ஏற்ற தீர்மானத்தின் எண். நாடுகளைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தம். அதற்குரிய முகவரி ஐ.நா. ஒப்பந்தத் தொகுதியில் இருக்கிறது: தொகுதி 999, பக்கம் 171, பதிவு எண் 14668.

1976 மார்ச் 23 என்ற தேதியைக் கவனித்தீர்களா? அதே நாளில் நமக்கு நெருக்கமான இன்னொன்றும் நடந்தது. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கடல் எல்லையை வகுக்கும் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டன. ஒரே தேதி, ஆனால் உடன்படிக்கைக்கு அது உயிர்பெற்ற நாள், எல்லை ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தான நாள் மட்டுமே. எல்லை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது மே 10 அன்று. தேதிக்கு முன்னால் அது எதன் தேதி என்ற சொல்லும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கச்சத்தீவு பற்றிய கட்டுரைகளில் இந்தக் கவனக்குறைவு அதிகம். '1974 ஒப்பந்தத்தால் நம் மீனவர் உரிமை பறிபோனது' என்று அடிக்குறிப்போடு எழுதுகிறார்கள். 1974 ஒப்பந்தத்துக்குத் தேதியே இரண்டு. ஜூன் 26 அன்று கொழும்பிலும், ஜூன் 28 அன்று தில்லியிலும் கையெழுத்தானது. ஜூலை 8 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் விதி, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணமோ விசாவோ இல்லாமல் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்று வரலாம் என்கிறது. 6ஆம் விதி, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. அது இருப்பது 1976 மார்ச் 23 தேதியிட்ட கடிதப் பரிமாற்றத்தில். இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கை வெளியுறவுச் செயலர் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் எழுதிக்கொண்டது அது. ஒரு நாட்டு மீனவரும் படகுகளும் மற்ற நாட்டின் வெளிப்படையான அனுமதியின்றி அதன் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று அந்தக் கடிதம் சொல்கிறது.

ஆகவே மீன்பிடித் தடைக்கு 1974ஐச் சான்று காட்டினால் ஆவணமே தவறு. 1976 எல்லை ஒப்பந்தத்தைச் சான்று காட்டினால் நாள் சரி, ஆவணம் தவறு. அதே நாளில் எழுதப்பட்ட கடிதப் பரிமாற்றத்தைத்தான் காட்ட வேண்டும். 1974இன் 6ஆம் விதியை 1976 கடிதங்கள் நீக்கிவிட்டனவா, கச்சத்தீவைச் சூழ்ந்த கடலுக்கு அவை பொருந்துமா என்று அறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள். இரண்டையும் '1974–76 ஒப்பந்தம்' என்று ஒரே பெயரில் முடிச்சிட்டுவிட்டால் அப்படி ஒரு வாதம் இருப்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது. ராமேசுவரத்து மீனவர் ஒவ்வொரு வாரமும் அந்த வாதத்தின் நடுவில்தான் வலை வீசப் போகிறார்.

கட்டுரைக்குள் இதை எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் மட்டும் தரும் முறையில் மனித உரிமைகள் பேரவை ஓர் ஆண்டில் நிறைவேற்றும் பல தீர்மானங்களும் ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு என்று ஆகிவிடும். பிறகு '2012அ', '2012ஆ' என்று எழுத்துச் சேர்க்க வேண்டியிருக்கும், அந்த எழுத்துகள் ஆவணத்தில் எங்கும் இருக்காது. அதனால் கட்டுரையின் ஓட்டத்தில் தீர்மான எண்ணையும் பத்தியையும் தருவதையே நான் பரிந்துரைக்கிறேன்: தீர்மானம் 19/2, செயற்பத்தி 3. முழு விவரம் முதல் அடிக்குறிப்பில் ஒருமுறை வந்தால் போதும்.

அந்த ஆய்வாளர் ஆய்வேட்டைத் திருத்தித் தந்தார். மூன்றாம் இயலின் அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: "இலங்கை அரசு உதவியை ஏற்க வேண்டும் என்றிருந்த வரைவு (A/HRC/19/L.2, 3ஆம் பத்தி), அவையில் வாய்மொழியாகத் திருத்தப்பட்டு, அரசின் இசைவோடு உதவி வழங்கும்படி மாறிய பிறகே இந்தியா ஆதரித்து வாக்களித்தது." அதன் அடிக்குறிப்பு: "ஐ.நா. மனித உரிமைகள் பேரவை, 'இலங்கையில் நல்லிணக்கத்தையும் பொறுப்புக்கூறலையும் மேம்படுத்துதல்', தீர்மானம் 19/2, 22 மார்ச் 2012 அன்று நிறைவேறியது, A/HRC/RES/19/2, செயற்பத்தி 3. மொழிபெயர்ப்பு ஆய்வாளருடையது." அந்த இயலுக்கு அவர் புதிதாக ஒரு பகுதியும் சேர்த்திருந்தார். 'ஏற்கவும்' என்ற சொல் 'இசைவோடும்' என்று ஆனதைப் பற்றி 11 பக்கம். ஆய்வேட்டில் நான் மிகவும் விரும்பிப் படித்த பக்கங்கள் அவை.